அவுட்பாக்ஸில் ஏழு மெயில், காலையிலிருந்து நகரவே இல்லை

பாசிக்கடை (மண்டபம்)
12 ஆகஸ்ட் 2024, மாலை 6.40

காலை 11.20-க்கு அனுப்பு என்று அழுத்திய மெயில் இன்னும் அவுட்பாக்ஸிலேயே கிடக்கிறது. அதற்குப் பின்னால் ஆறு மெயில் வரிசை கட்டி நிற்கின்றன. அவுட்லுக், கம்பெனி பெயரிலேயே உள்ள மெயில் முகவரி, ஆபீஸில் பிராட்பேண்ட் கிடையாது, என் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் எல்லாம் ஓடுகிறது.

நெட் இருக்கிறது. வாட்ஸ்அப் போகிறது, பேங்க் பக்கம் திறக்கிறது, வரவேண்டிய மெயில்கூட வந்துகொண்டுதான் இருக்கிறது. அனுப்புவது மட்டும் இல்லை. முதல் மெயிலில் காய்ந்த கடல்பாசி மூட்டைகளின் போட்டோ ஆறு, மொத்தம் 18.6 எம்பி. தூத்துக்குடியில் வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் லாரி அனுப்புவதா வேண்டாமா என்று சொல்வார். மற்ற ஆறும் வெறும் பில், ஒவ்வொன்றும் 200 கேபிகூட இருக்காது. அந்தச் சின்ன பில்கள் ஏன் போகவில்லை என்பதுதான் எனக்குப் புரியவே இல்லை.

கீழக்கரை காக்கா
12 ஆகஸ்ட் 2024, இரவு 7.05

இது நெட் பிரச்சினைதான், வேறொன்றும் இல்லை. ஆடிக் காற்று அடிக்கிற நாளில் இந்தக் கரை முழுக்க சிக்னல் இப்படித்தான். அட்டாச்மென்ட் அளவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், 25 எம்பி வரை போகும், உங்களுடையது 18 தானே. ஒவ்வொரு மெயிலையும் திறந்து மறுபடி அனுப்பிப் பாருங்கள். இல்லையென்றால் கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டியதுதான்.

பாசிக்கடை (மண்டபம்)
12 ஆகஸ்ட் 2024, இரவு 7.30

காக்கா, நீங்கள் சொன்ன மாதிரி திறந்து பார்த்தேன். இரண்டு பில்லைத் திறந்து, விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அதற்குள் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. அவுட்பாக்ஸில் எல்லா வரியும் சாய்ந்த எழுத்தில் இருந்தன, நான் திறந்து மூடிய இரண்டும் மட்டும் இப்போது நேராக நிற்கின்றன. இது என்ன?

ஸ்பீடும் பார்த்தேன். டவுன்லோட் 14 எம்பிபிஎஸ், அப்லோட் 0.6. நான் இதுவரை அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்ததே இல்லை.

வேன் தனுஷ்கோடி
12 ஆகஸ்ட் 2024, இரவு 7.52

எனக்கும் இதேதான். அரிச்சல்முனையில் வண்டியைப் போட்டுவிட்டு டிக்கெட் பிடிஎஃப் அனுப்பினால் ஜிமெயில் ஆப்பில் "Queued" என்று காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்ட் வந்ததும் தானாகப் போய்விடும். அங்கே நின்றால் போனில் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வேறு வரும். நீங்களும் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்து பாருங்களேன்.

தொண்டி சர்வர்காரன்
12 ஆகஸ்ட் 2024, இரவு 8.35

வேன் அண்ணே, உங்கள் கதை வேறு. அங்கே போன் இலங்கை டவரைப் பிடித்துவிடுகிறது, ரோமிங் டேட்டா அணைத்து வைத்திருப்பீர்கள், ஆகவே நெட்டே இல்லை. நெட் திரும்பியதும் ஆப் தானாக அனுப்புகிறது. அது ஆரோக்கியமான வரிசை. மண்டபத்துத் தங்கச்சிக்கு நெட் இருக்கிறது, வரிசைதான் நோயில் கிடக்கிறது.

தங்கச்சி, முதலில் இதைக் கேளுங்கள், இனிமேல் அவுட்பாக்ஸில் எதையும் திறக்காதீர்கள். சாய்ந்த எழுத்து என்றால் "இது போகக் காத்திருக்கிறது" என்று அவுட்லுக் வைத்திருக்கும் குறி. திறந்து மூடினால் அந்தக் குறி விழுந்துவிடும். அப்புறம் அது அவுட்பாக்ஸில் படுத்திருக்கும் வெறும் டிராஃப்ட்தான், நீங்கள் மறுபடி Send அழுத்தும் வரை எத்தனை நாள் ஆனாலும் போகாது. நெட்டைச் சரி செய்துவிட்டும் "இன்னும் போகவில்லையே" என்று தவிப்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

அடுத்தது அந்த 18.6 எம்பி. காக்கா சொன்ன 25 எம்பி ஜிமெயிலின் கணக்கு, இது ஜிமெயில் இல்லை. அதோடு போட்டோ மெயிலில் போகும்போது போட்டோவாகப் போவதில்லை, எழுத்தாக மாற்றப்பட்டுத்தான் போகிறது. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக எழுதுவார்கள், ஒவ்வொரு 76 எழுத்துக்கும் ஒரு வரிமுறிப்பு. எல்லாம் சேர்ந்து 37 சதவீதம் ஊதிவிடும். உங்கள் 18.6, கம்பியில் ஏறும்போது ஏறக்குறைய 25.4 எம்பி.

0.6 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 75 கேபி. 25.4 எம்பியை அந்த வாய்க்காலில் ஊற்ற ஆறு நிமிடம் ஆகும், அதுவும் ஒரு நொடிகூட அறுபடாமல் இருந்தால். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மெயில் அனுப்பும் முறையில் அந்த வசதி கிடையாது. 24 எம்பி ஏறியபின் அறுந்தாலும் அடுத்த முறை பூஜ்யத்திலிருந்துதான். அது முன்னால் நிற்க, பின்னால் உங்கள் பில்கள் நிற்கின்றன.

Send/Receive பகுதியில் Show Progress என்று இருக்கும். அங்கே Errors பக்கத்தில் என்ன எண் காட்டுகிறது?

பாசிக்கடை (மண்டபம்)
12 ஆகஸ்ட் 2024, இரவு 8.50

`0x8004210B`. பதினைந்து முறை வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது அரை மணி நேரம்.

தொண்டி சர்வர்காரன்
12 ஆகஸ்ட் 2024, இரவு 9.10

சர்வரின் பதிலுக்காகக் காத்திருந்து நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கதவே திறக்கவில்லை என்றால் `0x80042109` வந்திருக்கும், போர்ட்டைச் சந்தேகப்பட்டிருப்பேன். உங்களுக்குக் கதவு திறக்கிறது. உள்ளே போன பிறகுதான் எதுவோ நடக்கிறது.

அரை மணிக்கு ஒரு முறை என்பது அவுட்லுக்கின் வழக்கமான இடைவெளி. இத்தனை முறையோடு நிறுத்து என்று அதற்குத் தெரியாது, முயன்றுகொண்டே இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: Send/Receive பகுதியில் Work Offline அழுத்துங்கள். அவுட்லுக்கை மூடுங்கள். டாஸ்க் மேனேஜரில் `OUTLOOK.EXE` இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள், பெரிய மெயிலைப் பிடித்துக்கொண்டிருந்தால் மூடிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளேயே கிடக்கும். அது போன பிறகு திறந்து, போட்டோ மெயிலைத் திறக்காமல் அப்படியே இழுத்து Drafts-ல் போடுங்கள். பிறகு Work Offline-ஐ எடுத்துவிடுங்கள்.

பாசிக்கடை (மண்டபம்)
12 ஆகஸ்ட் 2024, இரவு 9.45

போய்விட்டது! நான் அவசரப்பட்டு மூடாமலேயே இழுத்துப் பார்த்தேன், அனுப்பத் தொடங்கிவிட்டதால் நகர்த்த முடியாது என்ற மாதிரி ஒரு செய்தி வந்தது. பிறகு நீங்கள் சொன்னபடியே மூடி, டாஸ்க் மேனேஜர் பார்த்து, திறந்து இழுத்தேன். Work Offline எடுத்த ஒரு நிமிடத்துக்குள் நான்கு பில் போய்விட்டன. நேர் எழுத்தில் நின்ற இரண்டும் அப்படியே கிடந்தன. திறந்து Send அழுத்தினேன், அவையும் போயின. ஒரு நாள் முழுக்க ஆறு பில் நின்றது ஒரே ஒரு மெயிலால்.

போட்டோவை நாளை காலை வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று யோசித்தேன். வேண்டாம், வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கிவிடுகிறது, பாசியில் ஒட்டியிருக்கும் மணல் தெரியாமல் போய்விடும் என்று போன மாதமே அவர் சொன்னார்.

கீழக்கரை காக்கா
12 ஆகஸ்ட் 2024, இரவு 10.20

சரி, முடிந்தது. நான் சொன்னதும் நெட் என்றுதானே.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் சுருங்காதே?

பாசிக்கடை (மண்டபம்)
13 ஆகஸ்ட் 2024, காலை 10.15

இன்னும் முடியவில்லை. நேற்று எழுதியதை நானே திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காலையில் தூத்துக்குடியிலிருந்து போன். "ஏம்மா, ஒரே போட்டோவை மூணு தடவை அனுப்பியிருக்க, எந்த லோடுன்னு நான் எடுத்துக்கிறது?" என்கிறார். நான் அனுப்பவே இல்லை, அது டிராஃப்ட்டில் இருக்கிறது, என் கண் முன்னால் இருக்கிறது என்றேன். அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். மூன்று மெயில். ஆறு ஆறு போட்டோ. மூன்று லோடு என்று நினைத்து மூன்று லாரிக்குச் சொல்லப் போயிருக்கிறார், நல்லவேளை கேட்டுவிட்டார்.

போகாத மெயில் எப்படி மூன்று முறை போகும்?

தொண்டி சர்வர்காரன்
13 ஆகஸ்ட் 2024, பகல் 1.05

அவரிடம் மூன்று மெயிலின் ஹெடரையும் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் `Received:` என்று தொடங்கும் வரிகள் இருக்கும், கீழே உள்ளதுதான் உங்கள் பக்கத்துச் சர்வர் அதை வாங்கிய நேரம். அந்த மூன்று நேரத்தையும் எழுதுங்கள்.

பாசிக்கடை (மண்டபம்)
13 ஆகஸ்ட் 2024, பகல் 2.40

11.58, 2.28, 4.29. ஒவ்வொன்றும் என் அவுட்லுக் முயன்ற நேரத்துக்குச் சில நிமிடம் தள்ளி.

தொண்டி சர்வர்காரன்
13 ஆகஸ்ட் 2024, பகல் 3.30

அப்படியானால் பதினைந்தில் மூன்று முறை மெயில் முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவுட்லுக்குக்குத்தான் தெரியவில்லை.

ரிஜிஸ்டர் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். கவரைக் கொடுத்துவிட்டீர்கள், அந்தப் பக்கம் வாங்கிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும் உங்களுக்குத் திரும்பி வரவில்லை. அட்டை வராததால் கவர் போகவில்லை என்று நினைத்து மறுபடி ஒரு கவர் அனுப்புகிறீர்கள். மெயிலில் அந்த அட்டை `250` என்று தொடங்கும் ஒரே ஒரு வரி. கடைசி எழுத்து ஏறியபின் சர்வர் அந்த வரியைச் சொல்ல வேண்டும். அது காதில் விழுந்தால்தான் அவுட்லுக் மெயிலை அவுட்பாக்ஸிலிருந்து எடுக்கும்.

25 எம்பி மெயிலை வாங்கிய சர்வர் அதை வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும், ஸ்பேமா என்று பார்க்கும், வட்டில் எழுதும், அதன் பிறகுதான் 250 சொல்லும். உங்கள் அவுட்லுக்கில் காத்திருக்கும் நேரம் மாற்றாமல் இருந்தால் 1 நிமிடம். ஒரு நிமிடத்தில் பதில் வராவிட்டால் இது தொடர்பை அறுத்துவிடும். அங்கே மெயில் சேர்ந்துவிட்டது, இங்கே சேரவில்லை. இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. 1988-லேயே இதற்கென்றே ஆர்எஃப்சி 1047 என்ற இணைய நெறி ஆவணம் எழுதியிருக்கிறார்கள், சர்வர் மெயிலை வாங்கியதும் வேறு வேலை பார்க்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று.

நேற்று நான் ஒன்று தவறவிட்டேன். தொடர்பு நடுவில் அறுவதாக மட்டுமே நினைத்தேன். `0x8004210B` பதிலுக்குக் காத்திருந்த பிழை என்று நானே எழுதிவிட்டு, பதில் வராத மெயில் போய்ச் சேர்ந்தும் இருக்கலாம் என்று உங்களிடம் சொல்லாமல் விட்டேன். அந்த மெயிலை Drafts-ல் போடச் சொன்னபோதே, வாங்குகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கீழக்கரை காக்கா
13 ஆகஸ்ட் 2024, மாலை 5.10

அப்படியென்றால் தப்பு சர்வர் மேல்தான். ஒரு நிமிடம் போதாதா அதற்கு? மெயில் இடம் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுச் சத்தம் போடுங்கள் தங்கச்சி.

தொண்டி சர்வர்காரன்
13 ஆகஸ்ட் 2024, மாலை 5.45

காக்கா, விதிப்படி பார்த்தால் இந்தப் பக்கமும் பொறுமையாக இருக்க வேண்டும். கடைசி எழுத்தை அனுப்பிய பிறகு பதிலுக்கு 10 நிமிடம் காத்திரு என்றுதான் ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. அவுட்லுக் 1 நிமிடத்தில் கை விரிக்கிறது. சர்வர் தாமதிக்கிறது, இது அவசரப்படுகிறது. சர்வரை நம்மால் மாற்ற முடியாது, இதை மாற்றலாம். கணக்கு அமைப்பில் More Settings, அதில் Advanced, அங்கே Server Timeouts என்று ஒரு நகர்த்தி. 10 நிமிடம் வரை போகும். ஐந்தில் வையுங்கள்.

இன்னொரு திருத்தமும் இருக்கிறது. உங்கள் மெயில் சர்வரின் அளவு வரம்பில் 25.4 எம்பி இடித்திருக்கும் என்று எனக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்தது. தனிச்செய்தியில் தந்த சர்வர் பெயரை வைத்து இப்போது கேட்டுப் பார்த்தேன்:

```
openssl s_client -starttls smtp -crlf -connect mail.example.com:587
EHLO test
```

பெயரை மாற்றிப் போட்டிருக்கிறேன். பதிலில் `250-SIZE 52428800` என்று ஒரு வரி வந்தது. 50 எம்பி வரை வாங்குகிறது. ஆக வரம்பு பிரச்சினையே இல்லை. வரம்பைத் தாண்டியிருந்தால் `552` என்று முகத்திலேயே சொல்லியிருக்கும். வாங்குகிறவர் பக்கத்து வரம்பைத் தாண்டியிருந்தால் மெயில் உங்கள் அவுட்பாக்ஸை விட்டுப் போய், பிறகு போகவில்லை என்று ஒரு பதில் மெயில் திரும்பி வந்திருக்கும். அவுட்பாக்ஸில் நிற்பது என்றால் சிக்கல் உங்களுக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில்தான்.

பாசிக்கடை (மண்டபம்)
13 ஆகஸ்ட் 2024, இரவு 8.20

ஒரு கணக்குப் போட்டேன். பதினைந்து முயற்சி, முழுதாக ஏறியிருந்தால் தலா 25 எம்பி. 380 எம்பிக்குப் பக்கம். நேற்று மாலை ஐந்து மணிக்கே என் ஒன்றரை ஜிபியில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று மெசேஜ் வந்தபோது தம்பி வீடியோ பார்த்திருப்பான் என்று அவனைத் திட்டிவிட்டேன். அவன் போனைத் தொடவே இல்லை. இன்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

வேன் தனுஷ்கோடி
13 ஆகஸ்ட் 2024, இரவு 9.00

அப்போ என் டிக்கெட்டும் பயணிகளுக்கு இரண்டு முறை போயிருக்குமோ? ஒருத்தர் கேட்டார், நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தொண்டி சர்வர்காரன்
13 ஆகஸ்ட் 2024, இரவு 9.25

சின்ன பிடிஎஃப்தானே அண்ணே, அது ஒரு நொடியில் ஏறி இறங்கிவிடும், பதில் தவறும் வாய்ப்பு குறைவு. ஆனால் இல்லவே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. டவர் மாறும் அந்த நொடியில் ஏறியிருந்தால் நடக்கலாம்.

பாசிக்கடை (மண்டபம்)
14 ஆகஸ்ட் 2024, பகல் 12.30

இன்று புது லோடு. டைம்அவுட்டை 5 நிமிடத்தில் வைத்தேன். ஆறு போட்டோவையும் ஒரே மெயிலில் போடாமல் ஒன்றுக்கு இரண்டாகப் பிரித்தேன், தலைப்பில் "1/3, 2/3, 3/3" என்று லோடு எண்ணோடு எழுதினேன், இனி இரட்டையாகப் போனாலும் அவருக்குக் குழப்பம் வராது. முக்கியமாக, பில்லை முதலில் அனுப்பிவிட்டுத்தான் போட்டோவைத் தொட்டேன்.

முதல் மெயில் 6.2 எம்பி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஏறுவதற்கு இரண்டு நிமிடம், பிறகு நீலக் கோடு முழுதாகி நின்றுவிட்டது. ஒன்றும் நகரவில்லை. கை மவுஸுக்குப் போனது, எடுத்துக்கொண்டேன். நாற்பது நொடி கழித்து வரி மறைந்து Sent Items-க்குப் போனது. அந்த நாற்பது நொடிதான் தொண்டிக்காரர் சொன்ன அட்டைக்கான காத்திருப்பு என்று நினைக்கிறேன். 6 எம்பிக்கே நாற்பது நொடி என்றால் 25 எம்பிக்கு ஒரு நிமிடம் எப்படிப் போதும்.

மூன்றும் போயின. தூத்துக்குடியில் மூன்றுதான் வந்திருக்கிறது, கேட்டுக்கொண்டேன்.

கீழக்கரை காக்கா
14 ஆகஸ்ட் 2024, மாலை 4.15

போட்டோவையே சுருக்கி அனுப்பினால் இவ்வளவு பாடு எதற்கு? அவுட்லுக்கில் File, Info பக்கத்தில் அட்டாச் செய்த பெரிய படங்களைச் சுருக்கி அனுப்ப ஒரு வசதி இருக்கிறது. என் மகன் சார்ஜாவிலிருந்து அப்படித்தான் அனுப்புவான். அப்புறம், ஒவ்வொரு மெயிலையும் திறந்து அனுப்பச் சொன்னது என் தவறு. திறந்தால் Send அழுத்தித்தான் மூட வேண்டும் என்று சேர்த்துச் சொல்லவில்லை.

பாசிக்கடை (மண்டபம்)
14 ஆகஸ்ட் 2024, மாலை 5.00

அந்த வசதி படத்தை 1024-க்கு 768-க்குள் சுருக்குகிறது காக்கா, முயன்று பார்த்தேன். மூட்டை எண்ணிக்கைக்குப் போதும். ஆனால் பாசியின் தண்டில் படிந்திருப்பது உப்பா மணலா என்பது அதில் தெரியவில்லை. உப்பு வெள்ளையாக மினுங்கும், மணல் மங்கலாக ஒட்டியிருக்கும், சுருக்கினால் இரண்டும் ஒரே சாம்பல் புள்ளி. மணலுக்குத்தான் விலையில் கழிப்பார். அதனால் கிட்டத்தில் எடுத்த இரண்டு படம் முழு அளவில், மற்ற நான்கும் சுருக்கி, இப்படிச் செய்யப்போகிறேன்.

தொண்டி சர்வர்காரன்
14 ஆகஸ்ட் 2024, இரவு 7.40

நல்ல வழி. அவசரமென்றால் பிரவுசரில் வெப்மெயில் வழியாகவும் அனுப்புங்கள். அங்கே அட்டாச்மென்ட் முதலில் ஏறி முடியும், Send அழுத்துவது பிறகு. எது எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

காற்றினால் சிக்னல் குறைகிறது என்று காக்கா சொன்னதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. காற்று ரேடியோ அலையைத் தள்ளாது. கரண்ட் போய் டவர் பேட்டரியில் ஓடுவது, சாயங்காலம் எல்லோரும் ஒரே டவரில் ஏறுவது, இவற்றைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

கீழக்கரை காக்கா
14 ஆகஸ்ட் 2024, இரவு 8.05

முப்பது வருஷம் இந்தக் கரையில் இருக்கிறேன் தம்பி. ஆடியில் குறையும், ஆவணியில் சரியாகும். காரணம் என்னவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்.

பாசிக்கடை (மண்டபம்)
19 ஆகஸ்ட் 2024, காலை 9.30

ஆவணி பிறந்து மூன்றாம் நாள். அப்லோட் இன்று 0.7. காக்காவுக்காகக் குறித்து வைக்கிறேன், மாத முடிவில் மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.

அவுட்பாக்ஸ் ஐந்து நாளாகக் காலி. சனிக்கிழமை ஒரு மெயில் மட்டும் ஒரு முறை தவறி, அடுத்த அரை மணியில் தானாகப் போனது. தவறியது தெரிந்ததும் மறுபடி அனுப்பாமல் முதலில் தூத்துக்குடிக்குப் போன் போட்டு வந்ததா என்று கேட்டேன். வரவில்லை என்றார், காத்திருந்தேன், பிறகு ஒன்றே ஒன்று வந்தது.